எந்த நூறுக்கு வட்டி?

அக்கா மகனுக்கு வேலை கிடைத்து ஆறு மாதம் ஆனதும் வண்டி வாங்கும் யோசனை வந்துவிட்டது. "மாமா, நீங்களும் கூட வாங்க, கணக்கு வழக்குப் பார்க்கணும்" என்று கூப்பிட்டான். போனேன். வண்டியின் நிறம், மைலேஜ், சர்வீஸ் பற்றியெல்லாம் அவனே பேசி முடித்துவிட்டான். எனக்கு வேலை இருந்தது ஷோரூமின் மூலையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த ஃபைனான்ஸ் மேசையில்.

ஆன்ரோடு விலை 1,15,000 ரூபாய். கையிலிருந்து 25,000 கட்டினால் மீதி 90,000 கடன். 36 மாதத் தவணை. மேசையில் இருந்த இளைஞர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"வருஷத்துக்குப் பதினொரு பர்சென்ட்தான் சார். மாசக் கணக்குல பாத்தா நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டிகூட வராது. மாச டியூ மூவாயிரத்து முந்நூத்தி இருபத்தஞ்சு."

அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அவர் சொன்ன தவணைத் தொகையில் ஒரு பைசா பிசகு கிடையாது. 90,000 ரூபாய்க்கு 11 சதவீதம் என்றால் வருடத்துக்கு 9,900. மூன்று வருடத்துக்கு 29,700. அசலோடு சேர்த்து 1,19,700. அதை 36-ஆல் வகுத்தால் சரியாக 3,325. வாய்ப்பாடு தெரிந்த யாரும் சரிபார்த்துவிடலாம். இப்படிச் சரிபார்க்க முடிவதாலேயே யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. மருமகனும் தலையாட்டிவிட்டான்.

எனக்கு அந்த "நூத்துக்கு" என்ற சொல்லில்தான் உறுத்தல். எந்த நூறுக்கு?

நம் ஊரில் வட்டியை மாதக் கணக்கில் பேசுவதுதான் வழக்கம். ஒரு ரூபாய் வட்டி, ரெண்டு வட்டி, அஞ்சு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் அத்தனை ரூபாய் என்று குழந்தைக்கும் தெரியும். புரோநோட்டு எழுதிக் கைமாற்றாக ஒரு லட்சம் வாங்குகிறோம். மாதாமாதம் வட்டியை மட்டும் கொடுக்கிறோம். அசல் அப்படியே நம்மிடம் இருக்கிறது. கடைசியில் ஒரே நாளில் திருப்பித் தருகிறோம். அந்தக் கடனில் முப்பத்தாறாவது மாதமும் முழு ஒரு லட்சம் நம் கையில் இருப்பதால், முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி கேட்பது நியாயம். அடகு வைத்த நகைக்கு வட்டி மட்டும் கட்டி வந்தாலும் இதே கதைதான். ரூபாய் வட்டி, பைசா வட்டி என்ற பேச்செல்லாம் இப்படி அசல் குறையாமல் நிற்கும் கடனுக்காகப் பிறந்தது. அங்கே அது நேர்மையான அளவுகோல்.

வண்டிக் கடன் அப்படி இல்லை. ஒவ்வொரு தவணையிலும் அசலில் ஒரு துண்டு திரும்பிப் போகிறது. பதினெட்டாவது மாதம் முடியும்போது, ஷோரூம்காரர் கணக்குப்படியே, அசலில் பாதியைத் திருப்பித் தந்திருப்போம். ஆனால் அவர் வட்டி போட்டது முதல் நாள் வாங்கிய 90,000-க்கு. அதுவும் 36 மாதத்துக்கும் சேர்த்து. இதைத்தான் பிளாட் வட்டி என்கிறார்கள். திருப்பிக் கொடுத்துவிட்ட நூறுக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது.

கடைசி மாதத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த முறையில் ஒவ்வொரு தவணையும் 2,500 அசல், 825 வட்டி. முப்பத்தாறாவது மாதம் நம்மிடம் மிச்சம் இருக்கும் அவர்கள் பணம் வெறும் 2,500 ரூபாய். அதற்கு அந்த ஒரு மாத வட்டி 825. நூற்றுக்கு முப்பத்து மூன்று வட்டி. எந்தக் கந்துவட்டிக்காரரும் கேட்கக் கூசும் விகிதம் அது. முதல் மாதத்தில் மட்டும்தான் 11 என்பது உண்மை. இரண்டாவது மாதத்திலிருந்தே அது ஏறத் தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் உண்மையான வட்டி எவ்வளவு? மாதாமாதம் மிச்சமிருக்கும் பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டு, அதே 3,325 தவணையில் 36-ஆவது மாதம் கடன் பைசல் ஆக வேண்டும் என்றால், என்ன விகிதம் வைக்க வேண்டும்? அந்த விகிதம்தான் குறையும் பாக்கி வட்டி. ஃபைனான்ஸ் வட்டாரத்தில் டிமினிஷிங், ரெட்யூசிங் என்று சொல்வார்கள். வங்கிகள் வாகனக் கடனுக்கு விளம்பரம் செய்யும் சதவீதம் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கும். அதனால் ஷோரூமின் 11-ஐயும் வங்கியின் 11-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், கிலோவையும் பவுண்டையும் ஒரே தராசில் வைத்த மாதிரி ஆகிவிடும்.

மேசையில் கிடந்த வண்டி விளம்பரத் தாளைத் திருப்பிப் போட்டு, மருமகனுக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இது.

முதலில், மூன்று வருடத்தில் சராசரியாக எவ்வளவு பணம் நம் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் மாதம் 90,000. அடுத்த மாதம் 87,500. இப்படியே 2,500 வீதம் இறங்கி, கடைசி மாதம் 2,500. சீராக இறங்கும் படிக்கட்டுக்குச் சராசரி காண முதல் படியையும் கடைசிப் படியையும் கூட்டிப் பாதியாக்கினால் போதும். 92,500-இல் பாதி, 46,250. ஆக, தொண்ணூறாயிரம் கடன் என்று பேச்சு. ஆனால் மூன்று வருடத்தில் சராசரியாக நாம் அனுபவிப்பது நாற்பத்தாறாயிரம் சொச்சம்தான். அதற்கு வருட வட்டி 9,900 கட்டுகிறோம். 9,900-ஐ 46,250-ஆல் வகுத்தால் 21.4 சதவீதம்.

"பதினொன்னு இருபத்தொண்ணு ஆயிடுச்சா?" என்றான் மருமகன்.

கொஞ்சம் பொறு என்றேன். இந்த 21.4 சற்றே கூடுதலான எண். காரணம், அசல் மாதம் 2,500 வீதம் சீராக இறங்குவதாக நாம் வைத்துக்கொண்டோம். உண்மையில் சமத் தவணைக் கடனில் அப்படி இறங்காது. தொடக்கத்தில் பாக்கி அதிகம், அதனால் வட்டியும் அதிகம். தவணையில் கணிசமான பங்கை வட்டி விழுங்கிவிட, அசலுக்குக் குறைவாகவே போகும். போகப் போக இது தலைகீழாகும். ஆகவே அசல் தொடக்கத்தில் மெதுவாகவும் பின்னால் வேகமாகவும் கரைகிறது. நம் கையில் சராசரியாக இருக்கும் பணம் 46,250 அல்ல, 50,600-ஐ ஒட்டி வரும். வகுக்கும் எண் பெரிதானால் ஈவு சிறிதாகும்.

இந்தத் திருத்தத்தையும் தாளிலேயே செய்ய ஒரு வழி உண்டு. மொத்த வட்டி அசலில் எத்தனை பங்கு என்று பாருங்கள். இங்கே 29,700-ஐ 90,000-ஆல் வகுத்தால் 0.33. அதில் மூன்றில் ஒரு பங்கு 0.11. அதோடு ஒன்றைக் கூட்டினால் 1.11. முன்பு வந்த 21.4-ஐ இதனால் வகுத்தால் 19.3. துல்லியமான விடை 19.57. கால் சதவீத வித்தியாசத்தில் வந்துவிட்டோம்; ஷோரூமில் நின்றுகொண்டு பேரம் பேச இது தாராளம்.

துல்லியமான விடை வேண்டும் என்றால் கணினியிலோ கைபேசியிலோ எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸைத் திறந்து, ஒரு கட்டத்தில் இதைத் தட்டினால் போதும்:

```
=RATE(36,-3325,90000)*12
```

முதல் எண் தவணைகளின் எண்ணிக்கை. இரண்டாவது மாதத் தவணை. நம் கையை விட்டுப் போகும் பணம் என்பதால் முன்னால் கழித்தல் குறி. மூன்றாவது நம் கைக்கு வந்த கடன். கழித்தல் குறியை மறந்தால் விடைக்குப் பதிலாகப் பிழைச் செய்தி வரும். பெரும்பாலானோர் தடுக்கி விழுவது அங்கேதான். இந்தச் சூத்திரம் தருவது ஒரு மாத விகிதம். அதனால்தான் 12-ஆல் பெருக்குகிறோம். கட்டத்தைச் சதவீத வடிவத்துக்கு மாற்றினால் 19.57% என்று காட்டும். மாதத்துக்கு 1.63. நம் பேச்சில் சொன்னால் ஒரு ரூபாய் அறுபத்து மூன்று பைசா வட்டி. "ஒரு ரூபாய் வட்டிகூட வராது" என்று சொன்னாரே, அதே கடனுக்குத்தான்.

கணினி சொன்னதை நம்ப மனமில்லாதவர்கள் இரண்டு மாதம் கையால் ஓட்டிப் பார்க்கலாம். 90,000-க்கு ஒரு மாத வட்டி 1,468 ரூபாய். 3,325-இல் அது போக மிச்சம் 1,857 அசலுக்கு. பாக்கி 88,143. அடுத்த மாதம் அந்தப் பாக்கிக்கு வட்டி 1,437, அசலுக்கு 1,888, பாக்கி 86,255. இப்படியே போனால் முப்பத்தாறாவது மாதம் வட்டி வெறும் 53 ரூபாய், அசல் 3,272, பாக்கி பூஜ்யம். பாக்கி பூஜ்யத்தில் வந்து நிற்பதுதான் 19.57 சரியான எண் என்பதற்குச் சாட்சி. வேறு எந்த விகிதத்தை வைத்தாலும் கடைசியில் கொஞ்சம் மிஞ்சும் அல்லது குறையும்.

சரி, அந்த 11 சதவீதமே குறையும் பாக்கிக்குப் போடப்பட்டிருந்தால்? மாதத் தவணை 2,946 ஆகியிருக்கும். மூன்று வருடத்துக்கும் சேர்த்து வட்டி 16,070 ரூபாய் அளவில். பிளாட்டில் 29,700. ஒரே எண், ஒரே கடன், ஒரே காலம். வித்தியாசம் 13,600 ரூபாய்க்கு மேல்.

எந்தக் கணக்கும் போட நேரமில்லை என்பவர்களுக்கு, பிளாட் விகிதத்தை 1.8-ஆல் பெருக்கச் சொல்வேன். 11-ஐப் பெருக்கினால் 19.8 வருகிறது, கிட்டத்தட்டச் சரி. ஒன்று முதல் மூன்று வருடக் கடனுக்கு இது நன்றாகவே ஒத்துப்போகும். காலம் நீண்டு, விகிதமும் பெரிதாக இருந்தால் பெருக்கும் எண் கொஞ்சம் குறையும். 11 சதவீத பிளாட்டில் ஐந்து வருடக் கடன் என்றால் உண்மை விகிதம் 18.8 அளவில் நிற்கும். இதைப் பார்த்துவிட்டு "அப்போ காலத்தை நீட்டினால் வட்டி குறைகிறதே" என்று மகிழ்ந்துவிட வேண்டாம். விகிதம் சற்றுக் குறைந்தாலும் கட்டும் வட்டித் தொகை 29,700-லிருந்து 49,500-க்குப் போய்விடும்.

அதுபோல, இரட்டிப்பாக்கினால் போதும் என்று சிலர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. ஆனால் தவறுவது நமக்குப் பாதுகாப்பான பக்கம் என்பதால் அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

ஒருவர் சொல்லும் சதவீதம் பிளாட்டா இல்லையா என்று தெரியாமல் போனால் என்ன செய்வது? கேட்டால் சில இடங்களில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள். கேட்கவே வேண்டாம். தவணையை மாதங்களால் பெருக்கி, கடனைக் கழியுங்கள். வருவது மொத்த வட்டி. அதைக் கடனாலும் வருடங்களாலும் வகுங்கள். சொன்ன சதவீதமே அப்படியே திரும்பி வந்தால் அது பிளாட். சொன்னதில் பாதிக்குச் சற்று மேலாக வந்தால் அது குறையும் பாக்கிக் கணக்கு. 2,946 தவணையை வைத்து இதே சோதனையைச் செய்தால் 6-ஐ ஒட்டி வரும். அரை நிமிட வேலை. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

இதுவரை வட்டி மட்டும்தான் பேசினோம். மேசைக்காரர் இன்னொரு தாளை நீட்டினார். செயலாக்கக் கட்டணம் 2,000. ஆவணக் கட்டணம் 700. அப்புறம், "முதல் டியூ இன்னிக்கே கட்டிடணும் சார், அட்வான்ஸ் டியூ. அது எல்லாருக்கும் உள்ளதுதான்."

இவை கடனிலிருந்து பிடிக்கப்பட்டாலும், கையிலிருந்து ரொக்கமாகக் கட்டினாலும் விளைவு ஒன்றே. 90,000 கொடுத்த அதே நாளில் 2,700-ஐத் திரும்ப வாங்கிக்கொண்டால் உண்மையில் தந்தது 87,300. ஆனால் தவணை மட்டும் 90,000-க்கான தவணை. சூத்திரத்தில் மூன்றாவது எண்ணை 87,300 ஆக்கினால் விகிதம் 21.8 சதவீதத்துக்குப் போகிறது. வெறும் 2,700 ரூபாய் இரண்டு சதவீதத்துக்கு மேல் தூக்கிவிடுகிறது என்பது முதலில் நம்பும்படி இருக்காது. கட்டணம் முதல் நாளே போய்விடுகிறது. சராசரியாக நாம் வைத்திருக்கும் பணமோ ஐம்பதாயிரம்தான். அதனால்தான் அத்தனை கனம்.

அட்வான்ஸ் டியூ இன்னும் வேடிக்கை. கடன் வாங்கிய நிமிடமே ஒரு தவணை கட்டினால், அதில் இருக்கும் வட்டி எதற்கான வட்டி? ஒரு நாள்கூட அந்தப் பணம் நம்மிடம் இருக்கவில்லை. ஆகவே அதைத் தவணை என்று நினைக்காமல், கடன் தொகையே அவ்வளவு குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டும். 87,300-இல் 3,325 போக 83,975. மீதித் தவணைகள் 35.

```
=RATE(35,-3325,83975)*12
```

விடை 23.2 சதவீதம். பதினொன்றில் தொடங்கிய பேச்சு இங்கே வந்து நிற்கிறது. இந்த வழியில் யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு.

காப்பீட்டையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். வண்டிக்கான காப்பீடு எப்படியும் எடுத்தாக வேண்டியது, அதை விட்டுவிடலாம். கடன் வாங்குபவரின் ஆயுளுக்கு என்று ஒரு பாலிசியைச் சேர்த்து அதன் பிரீமியத்தைக் கடனோடு கட்டிவிடும் பழக்கம் உண்டு. அந்தப் பாலிசி இல்லாமல் கடன் கிடைக்காது என்றால், அதுவும் கடனின் விலைதான். கைக்கு வந்த தொகையிலிருந்து கழித்துவிட்டு விகிதம் பாருங்கள்.

இதையெல்லாம் கடன் வாங்குகிறவரே போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்ற கேள்வி வரும். ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு தாளை ஏற்பாடு செய்திருக்கிறது. 2024 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தரப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கெல்லாம் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்று சொன்னது. கே.எஃப்.எஸ். என்று கேட்டால் மேசைக்காரருக்குப் புரியும். வங்கிக்கும் சரி, வங்கி அல்லாத ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கும் சரி, இது பொருந்தும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். தமிழில் கேட்கலாம்.

அந்த அறிக்கையில் ஏ.பி.ஆர். என்று ஒரு வரி உண்டு. வருடாந்தர மொத்த விகிதம். அதை எப்படிக் கணக்கிட வேண்டும் என்றும் சுற்றறிக்கை சொல்லியிருக்கிறது: கட்டணங்கள் போகக் கைக்கு வந்த தொகையை அடிப்படையாக வைத்து, குறையும் பாக்கி முறையில். நிறுவனம் வசூலித்து வேறொருவருக்குத் தரும் காப்பீடு போன்ற கட்டணங்களும் அதில் சேர வேண்டும். அதாவது நாம் மேலே தாளின் பின்பக்கத்தில் போட்ட அதே கணக்கு. கடனின் காலம் ஒரு வாரம் அல்லது அதற்கு மேல் என்றால், அறிக்கையைப் பார்த்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் தர வேண்டும். அறிக்கையில் இல்லாத கட்டணத்தை, கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் எந்தக் கட்டத்திலும் வாங்க முடியாது. தவணை வாரியாக அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்ற பட்டியலும் கூடவே இருக்கும்.

அந்தப் பட்டியலில் முதல் வரியைப் பாருங்கள். நமது கடனுக்கு முதல் மாத வட்டி 1,468 என்று இருந்தால், வாயால் சொன்ன 11 எங்கே போயிற்று என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம். 90,000-க்கு 11 சதவீதம் என்றால் மாதம் 825-தானே. மேசையில் பேசியது ஒரு விகிதம், தாளில் அச்சான விகிதம் வேறு. அச்சானதுதான் உண்மை.

ஆனால் நடைமுறையில் இந்த அறிக்கை கைபேசியில் ஒரு இணைப்பாக வருகிறது. ஓ.டி.பி.யைச் சொன்னதும் "படித்தேன், ஏற்கிறேன்" என்று பதிவாகிவிடுகிறது. பூஜை போட எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் குடும்பம், ஐந்தாறு பக்கத்தைச் சின்னத் திரையில் படிக்கப் போவதில்லை. ஓ.டி.பி.யைச் சொல்வதற்கு முன் அந்த ஒரு வரியை மட்டும் தேடிப் பார்க்கலாம். நம் மேசைக்காரரிடம் அறிக்கையைக் கேட்டதும் அவரே திரையில் திறந்து காட்டினார். இருபத்து மூன்று சொச்சம். "இது என்ன சார், பிராசஸிங்லாம் சேர்த்துப் போட்டிருப்பாங்க" என்று சமாளித்தவர், நான் கணக்குப் போட்ட தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வண்டி எடுக்கவில்லை. மருமகனுக்குச் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் கேட்டோம். இரு சக்கர வாகனக் கடனுக்கு 13.5 சதவீதம் என்றார்கள். "இங்க கூட இருக்கே மாமா" என்று அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டு, உடனே சிரித்தான். குறையும் பாக்கிக் கணக்கில் 13.5 என்றால் தவணை 3,054. செயலாக்கக் கட்டணம் 900. அதையும் கழித்து, 89,100 கைக்கு வந்ததாக வைத்துச் சூத்திரத்தில் போட்டால் 14.2 சதவீதம். அட்வான்ஸ் டியூ கிடையாது. மாதம் 271 ரூபாய் மிச்சம். சிரமம் என்று பார்த்தால் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கி அறிக்கை, இரண்டு முறை நடை. எல்லோருக்கும் அந்த வாசல் திறக்காது என்பதையும் சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவர், புதிதாகக் கடை போட்டவர், சிபில் மதிப்பெண்ணே இல்லாதவர் ஆகியோருக்கு ஷோரூம் மேசைதான் கதி. அவர்களுக்கு 19 சதவீதத்தில் கடன் கிடைப்பதே பெரிது என்றிருக்கலாம். அது 19 என்று தெரிந்து வாங்கட்டும் என்பதுதான் என் வழக்கு.

கார் கடனில் எண்கள் சின்னதாக இருப்பதால் ஏமாற்றம் இன்னும் எளிது. ஐந்து லட்சம், ஐந்து வருடம், "ஆறு பர்சென்ட் பிளாட்" என்கிறார் ஒருவர். வங்கி பத்தரை சதவீதம் என்கிறது. ஆறு எங்கே, பத்தரை எங்கே என்று தோன்றும். ஆறு சதவீத பிளாட்டில் தவணை 10,833. உண்மை விகிதம் 10.85. வங்கியின் பத்தரையில் தவணை 10,747. பெரிய எண் சொன்னவரிடம்தான் கடன் மலிவு.

இன்னொரு இடத்தில் இந்தக் கணக்கு மனிதர்களைச் சுடும். பாதியில் கடனை முடிக்கப் போகும்போது. என் பள்ளித் தோழன் ஒருவன் இதே மாதிரி ஒரு பிளாட் கடனை ஒரு வருடத்தில் அடைத்துவிட நினைத்தான். புரிவதற்காக நம் எண்களையே வைத்துச் சொல்கிறேன். பன்னிரண்டு தவணை கட்டியாயிற்று. மாதம் 2,500 அசல் என்று பேசியதால் 30,000 அடைந்திருக்கும், மீதி 60,000 கட்டினால் போதும் என்று மனக்கணக்கு. போய்க் கேட்டால் பாக்கி 65,600 என்கிறார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று கத்திவிட்டு வந்துவிட்டான்.

அவர்கள் அங்கே ஏமாற்றவில்லை. முதல் வருடம் கட்டிய 39,900-இல் வட்டிக்கு 15,500 போய்விட்டது, அசலுக்கு 24,400தான் போயிருக்கிறது. மொத்த வட்டியில் பாதிக்கு மேல் முதல் வருடத்திலேயே எடுத்தாயிற்று. கடன் கொடுக்கும்போது பேசியது பிளாட் கணக்கு. புத்தகத்தில் எழுதியது குறையும் பாக்கிக் கணக்கு, 19.57 சதவீதத்தில். இரண்டும் ஒரே தவணையைத் தருவதால் கடைசி வரை ஓட்டினால் வித்தியாசம் வெளியே தெரியாது. பாதியில் வண்டியை நிறுத்தினால்தான் தெரியும். மேலே முன்கூட்டி முடிக்கும் கட்டணம் என்று சில சதவீதம் போடுவார்கள். நிலையான வட்டிக் கடன்களில் அது எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் இருக்கும்.

சண்டை போட வேண்டிய இடம் வேறு. சிறு ஃபைனான்ஸ்களில் சில, மீதி 24 தவணையையும் கூட்டி 79,800 கட்டு என்பார்கள். இன்னும் கழியாத இரண்டு வருடத்துக்கான வட்டி, 14,200 ரூபாய், அதில் இருக்கிறது. தவணைப் பட்டியலை மேசையில் விரித்து, பன்னிரண்டாவது வரியில் பாக்கி என்ன எழுதியிருக்கிறது என்று விரலை வைத்துக் கேட்க வேண்டியது அப்போதுதான். தோழனிடம் அந்தப் பட்டியல் இருந்தது; ஆர்.சி. புத்தகத்தின் உறைக்குள், மடித்தது மடித்தபடி.